அரை அலையின் ஆர்.எம்.எஸ். மதிப்பைத் திரையில் படித்தல்

ஆசிலோஸ்கோப் திரையில் உச்ச மதிப்பை மட்டும் அளந்து, அதை 0.707 ஆல் பெருக்கி, ஆர்.எம்.எஸ். என்று குறித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தப் பெருக்கெண் முழுச் சைன் அலைக்கே உரியது. வேறு வடிவமென்றால் வளைகோடு முழுவதையும் படித்தாக வேண்டும். அதற்குத் திரையின் கட்டக் கோடுகளே போதும் என்பது என் வாதம்.

அரை அலைதிருத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் மின்மாற்றியின் துணைச்சுற்றிலிருந்து டையோடு வழியாக 100 ஓம் மின்தடைக்கு மின்னோட்டம் பாய்கிறது. வடிகட்டும் மின்தேக்கி இல்லை. உள்ளீட்டை டி.சி. நிலையில் வைத்து, செங்குத்தாகக் கட்டத்துக்கு 2 வோல்ட், கிடையாக 2 மில்லிவினாடி என அமைத்தால், 20 மில்லிவினாடிச் சுழற்சி ஒன்று பத்துக் கட்டங்களில் சரியாக அடங்கும். முதல் ஐந்து கட்டங்களில் ஒரு மேடு, அடுத்த ஐந்தில் சுழிக்கோடு. மேட்டின் உயரம் ஐந்து கட்டங்கள். உச்சம் 10 வோல்ட். டையோடின் வீழ்ச்சி மேட்டின் அடியகலத்தைச் சற்றுக் குறைக்கும். இங்கே அதைக் கணக்கில் கொள்ளவில்லை.

மேடு தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு செங்குத்துக் கோட்டிலும் உயரத்தைப் படித்தால் 0, 5.9, 9.5, 9.5, 5.9 வோல்ட் கிடைக்கும். மீதி ஐந்தும் சுழி. இவற்றின் கூட்டுத்தொகை 30.8, பத்தால் வகுத்தால் சராசரி 3.08 வோல்ட். உச்சத்தை π ஆல் வகுத்து வரும் சரியான மதிப்பு 3.18. கோடுகளுக்கிடையே வளைவு மேலெழும் பகுதி விடுபடுவதால்தான் இந்தக் குறைவு. இனி அதே உயரங்களை இருபடியாக்கிக் கூட்டினால் ஏறக்குறைய 250. பத்தால் வகுக்க 25, அதன் வர்க்கமூலம் 5 வோல்ட். கோட்பாடு தரும் விடையும் அதுவே: உச்சத்தில் பாதி.

0.707 ஐப் பயன்படுத்தியவருக்கு 7.07 வோல்ட் வந்திருக்கும். மின்தடையில் வெப்பமாகும் திறன் 0.25 வாட்; அவர் கணக்கில் அது 0.5 வாட், சரியாக இருமடங்கு.

சராசரியைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. உள்ளீட்டை ஏ.சி. நிலைக்கு மாற்றினால் சராசரி நீங்கி, படம் முழுவதும் சுமார் 1.6 கட்டம் கீழிறங்கும். அந்த இறக்கமே 3.2 வோல்ட். அந்த நிலையில் கருவி காட்டும் ஆர்.எம்.எஸ். 5 அல்ல, 3.86 வோல்ட்; ஏனெனில் 5 இன் இருபடியிலிருந்து சராசரியின் இருபடி கழிந்துவிடுகிறது. டி.சி. பகுதியும் மின்தடையைச் சூடாக்குகிறது என்பதால், திறனைக் கணக்கிட இந்த 3.86 உதவாது.

டிஜிட்டல் கருவி தானே கணக்கிட்டுக் காட்டும் எண்ணிலும் ஒரு கவனம் வேண்டும். கணக்கீடு திரை முழுவதையும் எடுத்துக்கொண்டு, திரையில் ஒன்றரைச் சுழற்சி மட்டும் தெரிந்தால், இரண்டு மேடுகளுக்கு ஒரு வெற்றிடமே வரும், விடை 5.77 வோல்ட் ஆகிவிடும். கிடை அளவை மாற்றும்போது எண்ணும் மாறினால், முழுச் சுழற்சிகள் எடுக்கப்படவில்லை என்று அறியலாம். கணக்கீட்டை ஒரு சுழற்சிக்கு உரியதாக அமைத்தால் எண் மீண்டும் 5 வோல்ட்டில் நிற்கும்.