எண்மம்

எண்மம் (பெயர்ச்சொல்): பிணைப்பில் உள்ள அணுவைச் சூழும் எட்டு எலக்ட்ரான்கள். எட்டைக் குறிக்கும் 'எண்' என்பதே அடிச்சொல். எண்திசை, எண்மர் என்பவற்றிலும் அதுவே நிற்கிறது. 1916இல் ஜி. என். லூயிஸ் புள்ளிகளால் அணுக்களை வரைந்தார். 'ஆக்டெட்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் 1919இல் எழுதிய இர்விங் லாங்மியூர்.

பயிற்சித்தாளில் இச்சொல்லைச் சோதிக்க கார்பன் மோனாக்சைடு நல்ல எடுத்துக்காட்டு. கார்பனின் 4, ஆக்சிஜனின் 6 என மொத்தம் 10 இணைதிறன் எலக்ட்ரான்கள். ஒரு மாணவர் இரட்டைப் பிணைப்பு வரைந்து, ஆக்சிஜனுக்கு இரண்டு தனித்த இணைகளும் கார்பனுக்கு ஒன்றும் வைக்கிறார். கூட்டினால் 10 சரியாக வரும். முறைசார் மின்சுமையும் இரண்டுக்கும் சுழி. ஆனால் கார்பனைச் சுற்றி எண்ணினால் 6தான். எண்மம் நிறையவில்லை.

ஆக்சிஜனின் ஒரு தனித்த இணையைப் பிணைப்பாக்கினால் முப்பிணைப்பு வரும். இரண்டுக்கும் எட்டு நிறையும். முறைசார் மின்சுமை காண, இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து தனித்த எலக்ட்ரான்களையும் பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழிக்க வேண்டும். கார்பனுக்கு 4−2−3 = −1; ஆக்சிஜனுக்கு 6−2−3 = +1. கூட்டுத்தொகை சுழி என்பதால் விடை சரி. ஆக்சிஜனில் நேர்க்குறி வந்ததைப் பார்த்து அடித்துவிடக் கூடாது. இங்கே எண்மமே முந்தும்.

எல்லா மூலக்கூறுக்கும் இது பொருந்தாது: போரான் டிரைபுளூரைடில் போரானுக்கு 6 போதும் என்றே வரைவது வழக்கம்.