தந்தத்தில் செதுக்கிய யானை: திருவிதாங்கூர்க் கலையில் விலங்கும் மனிதரும்

திருவனந்தபுரம் பழவங்காடியில் மகாகணபதி கோயிலின் முன் நாள்தோறும் தேங்காய்கள் உடைபடுகின்றன. திருவிதாங்கூர்ப் படைவீரர்கள் பத்மநாபபுரத்திலிருந்து தங்களோடு கொண்டுவந்த தெய்வம் இது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இன்றும் இக்கோயில் இந்திய இராணுவத்தின் பொறுப்பிலேயே உள்ளது. யானைமுகக் கடவுளை இவ்வளவு நெருக்கமாகக் கொண்டாடிய இந்நகரம், யானைத் தந்தச் சிற்பத்திற்கும் நெடுங்காலம் பெயர்பெற்றிருந்தது. ஒரே விலங்கு ஒருபுறம் கடவுளாகவும் மறுபுறம் கச்சாப் பொருளாகவும் இருந்திருக்கிறது. கலையில் இடம்பெறும் விலங்கைக் கொண்டு மனித மனப்பாங்கை அறிய முற்படுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் இதுவே.

வேட்டையிலிருந்து தொடங்கலாம். உலகின் தொன்மையான பாறை ஓவியங்கள் பலவற்றில் விலங்கு பெரிதாகவும் மனிதன் சிறு கோட்டுருவாகவும் காணப்படுகின்றனர். அரசு தோன்றிய பின் இந்த அளவுமுறை தலைகீழானது. வேட்டையாடும் அரசன் நடுநாயகமாக நிற்க, விலங்கு அவனது வீரத்திற்குச் சான்றாகச் சுருங்கியது. பழவங்காடியை அடுத்த கோட்டைக்குள் இம்மாற்றத்தின் மற்றொரு கட்டம் இன்றும் நிகழ்த்தப்படுகிறது. பத்மநாபசுவாமி கோயிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் நடைபெறும் பத்து நாள் திருவிழாக்களின் ஒன்பதாம் நாள் பள்ளிவேட்டை. இசை முழக்கம் ஏதுமின்றி ஊர்வலம் செல்லும். அரச குடும்பத்தின் தலைவர் வில்லில் நாணேற்றி அம்பு எய்வார். அந்த அம்பு தைப்பது ஓர் இளநீரில். வேட்டையின் வடிவம் முழுமையாக நிற்கிறது. வேட்டையாடப்படும் உயிர் மட்டும் அங்கே இல்லை. வேட்டை உணவுத் தேவையாக இருந்த காலம் போய், ஆட்சியுரிமையின் அடையாளமாக எஞ்சியதை இச்சடங்கு காட்டுகிறது.

இனி யானை. திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்டவர்மா, விக்டோரியா அரசிக்குத் தந்த அரியணை ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அது 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டு, இந்தியாவின் பேரரசி என்னும் பட்டத்தையொட்டி எடுக்கப்பட்ட புகைப்படத்திலும் விக்டோரியா இந்த அரியணையில்தான் வீற்றிருக்கிறார். அதன் கால்கள் சிங்கத்தின் பாதங்களாகவும், கைப்பிடிகளின் முனைகள் சிங்கத் தலைகளாகவும் அமைந்துள்ளன. சாய்மானம் திருவிதாங்கூரின் இலச்சினையாகிய சங்கின் வடிவம் கொண்டது. அந்தச் சங்கைத் தாங்கி நிற்பவை யானைகள்.

இந்த அரியணையைப் படிமங்களைக் கொண்டு மட்டும் வாசித்தால் கிடைக்கும் விடை எளிமையானது. கேரளக் காடுகளில் இல்லாத சிங்கம், இலக்கியத்தின் வழியும் அரசமரபின் வழியும் வந்து அதிகாரத்தைக் குறிக்கிறது. காட்டில் உள்ள யானை அரசைத் தாங்கும் துணையாகப் போற்றப்படுகிறது. ஆனால் படிமத்தை விட்டுப் பொருளை நோக்கினால் விடை மாறுகிறது. சங்கைத் தாங்கும் யானையும், அதற்கு மேலிருந்து ஆளும் சிங்கமும், அந்தச் சங்குமே யானையின் பல்லால் ஆனவை. யானையின் உருவத்திற்குக் கிடைத்த மதிப்பு யானையின் உயிருக்குக் கிடைத்ததா என்ற கேள்விக்குப் படிமம் விடை தருவதில்லை.

இவ்விடத்தில் தந்தத்தின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். ஆசிய யானைகளில் நீண்ட தந்தம் ஆணுக்கே உண்டு. தந்தத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். வளர்ப்பு யானைகளின் தந்த நுனியை அவ்வப்போது அறுத்தெடுப்பதுண்டு; அதனால் விலங்கு சாவதில்லை. முழுத் தந்தம் கிடைக்க வேண்டுமானால் யானை இறந்திருக்க வேண்டும். அடிப்பகுதி உட்புழையுள்ளது, நுனிப்பகுதி கெட்டியானது. ஆகவே நுனியிலிருந்து சிறு உருவங்களையும், அடிப்பகுதியிலிருந்து சிமிழ், தகடு போன்றவற்றையும் செய்தல் இயல்பு. பெரிய பொருள் என்றால் நுனித்துண்டுகள் போதா. எனவே ஒரு கலைப்பொருளின் அளவே, அதன் பின்னிருந்த விலங்கு உயிரோடு விடப்பட்டிருக்குமா என்பதற்கு ஓரளவு தடயமாகிறது. பொருள் உண்மையில் தந்தம்தானா என்பதையும் கண்ணால் சோதிக்கலாம். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் நுண்கோடுகள் வலைபோல் தெரியும். எலும்பில் அக்கோடுகள் இரா. குருதிக்குழாய்கள் சென்ற நுண்துளைகளே புள்ளிகளாகவோ கீறல்களாகவோ தென்படும்.

யானை பொதுவான ஒரு மேன்மையின் சின்னமாக இருந்த அதே திருவிதாங்கூரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு விலங்கு வேறுவகையில் ஓவியத்துள் நுழைந்தது. இரவிவர்மா 1893இல் தீட்டிய ‘இதோ அப்பா வருகிறார்’ என்னும் ஓவியத்தில் அவருடைய மகள் மகாபிரபா கைக்குழந்தையோடு நிற்கிறார். அருகில் ஒரு நாய். நாய் கலைக்குப் புதியதன்று. பைரவரின் ஊர்தியாகவும் வேடரின் துணையாகவும் அது முன்பே இடம்பெற்றிருக்கிறது. இங்கே அதற்கு வேட்டையும் இல்லை, தெய்வத் தொடர்பும் இல்லை. வீட்டுக்குரியதாக இருப்பது மட்டுமே அதன் வேலை.

அந்த வீடு எத்தகையது என்பது கவனத்திற்குரியது. ஓவியரும் அவர் மகளும் பிறந்த சமூகம் மருமக்கள்தாய முறையைச் சார்ந்தது. அங்கே குழந்தை தாயின் குடும்பத்திற்குரியது; தந்தை பெரும்பாலும் வந்துபோகும் மனிதர். ஓவியத்தின் தலைப்போ தந்தையின் வருகையையே நிகழ்வாக்குகிறது. தாய், தந்தை, குழந்தை என்ற சிறு குடும்பம் இலட்சியமாக உருவெடுக்கும்போது அதன் நான்காம் உறுப்பினராக நாய் வந்து சேர்கிறது. ஐரோப்பியக் குடும்ப ஓவியங்களில் பழகிய இந்த அமைப்பு, இங்கே விலங்கின் மீதான அன்பு பெருகியது என்பதைவிட, குடும்பம் பற்றிய எண்ணம் மாறியது என்பதையே மிகுதியாகச் சொல்கிறது.

இரவிவர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகம் அவருக்குப் பின்னும் இயங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பெயரில் வெளிவந்த பசுப் படமொன்று இதற்கு நேர்மாறானது. பசுவின் உடலெங்கும் தேவர்கள் நிறைந்திருக்கின்றனர். அதன் எதிரே விலங்குத் தலையுடைய ஓர் உருவம் வாளோங்கி நிற்கிறது. நாய் ஒரு வீட்டைக் குறித்தது. இப்பசுவோ ஒரு சமூகத்தைக் குறிக்கிறது. வாளேந்திய உருவம் அச்சமூகத்திற்கு வெளியே நிறுத்தப்படுவோரைக் குறிக்கிறது. வட இந்தியாவில் பசுப் பாதுகாப்பு இயக்கம் வலுத்து, 1893இல் கலவரங்களும் நிகழ்ந்திருந்த பின்னணியில் இப்படத்தை மாட்டின் மீதான பரிவாக மட்டும் வாசித்தல் இயலாது. விலங்கைப் புனிதமாக்கும் படம் மனிதரைப் பிரிக்கும் கோடாகவும் ஆகக்கூடும்.

எனவே கலையில் விலங்கைக் காணும்போது அது போற்றப்படுகிறதா என்று மட்டும் கேட்டல் போதாது. அது மனிதருக்கு அருகில் என்ன செய்கிறது, யாருக்காக அங்கே நிறுத்தப்பட்டுள்ளது, அப்படைப்பு எதனால் ஆனது என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வியைக் கலை தானாகக் கேட்டுக்கொள்ளவில்லை, சட்டம் கேட்டது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1977இல் யானை முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. 1986இல் செய்த திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தையும், 1991இல் செய்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடைசெய்தன. தந்தம் செதுக்கிய கைகள் மரத்திற்குத் திரும்பின. பல குடும்பங்களின் தொழில் அதனோடு முடிந்தது. இன்று நகரத்துக் கடைகளில் கிடைக்கும் கணபதி மரத்தால் ஆனவர். உருவத்தில் மாற்றம் ஏதுமில்லை. பத்து நூற்றாண்டுப் படிமங்களைக் காட்டிலும் அந்த மரத்துண்டுதான், யானையைப் பற்றிய மனித மனம் எப்போது மாறியது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது.