சுவரில் ஒட்டிய திட்டம் மறுபடி பட்டியலாகிறது

இரண்டு தள வீடு ஒன்றின் வேலைத்திட்டம் கணினியில் வெறும் பட்டியலாகத்தான் தொடங்கியது: வேலையின் பெயர், தொடங்கும் தேதி, எத்தனை நாள், எது முடிந்தபின் எது. மென்பொருள் அதைப் பட்டைகளாக வரைந்தது. 1910-களில் ஹென்றி காண்ட் பரவலாக்கிய அதே வகைப் படம். ஏ3 தாளில் அச்சாகி சைட் ஆபீஸ் சுவரில் ஏறியது. மூலக் கோப்பு வைத்திருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட, மிஞ்சியது சுவரில் இருக்கும் தாளும் அதைக் கைபேசியில் எடுத்த படமும்தான். இனி அந்தப் படத்திலிருந்து பட்டியலை மீட்க வேண்டும்.

முதல் சேதம் வாட்ஸ்அப்பில் நேர்கிறது. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, பட்டையின் ஓரம் மங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும். அடுத்தது கோணம். சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில், கிட்ட இருக்கும் வாரம் அகலமாகவும் தள்ளி இருக்கும் வாரம் குறுகலாகவும் விழும். ஜிம்ப் போன்ற செயலியில் தாளின் நான்கு மூலைகளையும் இழுத்துச் சதுரப்படுத்தியபின்தான் அளக்கத் தொடங்க வேண்டும்.

இந்தப் படத்தில் ஒவ்வொரு திங்களுக்கும் ஒரு செங்குத்துக் கோடு இருக்கிறது. 2026 ஜூன் 1-க்கான கோடு இடமிருந்து 400-ஆவது பிக்சலில் நிற்கிறது, ஆகஸ்ட் 24-க்கான கோடு 2080-இல். இடையே 84 நாள், 1680 பிக்சல். ஆக ஒரு நாளுக்கு 20 பிக்சல். இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நடுவில் ஜூலை 13-க்கான கோடு 1240-இல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அது 1265-இல் நின்றால் சாய்வு இன்னும் போகவில்லை, நடுப்பகுதித் தேதிகள் ஒரு நாளுக்கு மேல் தவறும். தாளே உப்பி இருந்தால் மூலைகளை இழுத்தும் சரியாகாது. அப்போது ஒவ்வொரு பட்டையையும் அதன் இரு பக்கத்து வாரக் கோடுகளை மட்டும் வைத்து அளப்பதே சரி. ‘இன்று’ என்பதைக் காட்டும் சிவப்புக் கோட்டை வாரக் கோடாக எடுத்துக்கொண்டுவிடாமல் கவனிக்க வேண்டும்.

செங்கல் கட்டு வேலையின் பட்டை 400-இல் தொடங்கி 940-இல் முடிகிறது. 540-ஐ 20-ஆல் வகுத்தால் 27 நாள். ஜூன் 1-இலிருந்து 27 நாள் தள்ளினால் ஜூன் 28 வருகிறது. அது ஞாயிறு, அன்று கொத்தனார் வருவதில்லை. இங்கேதான் விஷயம் பிடிபடுகிறது: பட்டையின் வலது ஓரம் கடைசி வேலைநாள் முடியும் இடம், அதாவது மறுநாளின் தொடக்கம். கடைசி நாள் ஜூன் 27, சனி. இடையில் மூன்று ஞாயிறு கழிந்தால் வேலைநாள் 24. பட்டியலில் எழுத வேண்டியது இந்த 24-தான். 27 என்று எழுதினால், ஞாயிறு மட்டும் விடுமுறை என்று வைத்த மென்பொருள் அதை வேலைநாளாக எடுத்துக்கொண்டு முடிவை ஜூலை 1-க்குத் தள்ளிவிடும்.

சுவரை வெட்டி மின்குழாய் பதிக்கும் வேலை 820-இலிருந்து 1080 வரை: ஜூன் 22 தொடங்கி ஜூலை 4 வரை, 12 வேலைநாள். பூச்சு வேலை 1020-இலிருந்து 1640 வரை: ஜூலை 2 தொடங்கி ஆகஸ்ட் 1 வரை, 27 வேலைநாள். பட்டைகளுக்கு மேலே இரு முனையும் கீழே வளைந்த கறுப்புப் பட்டை ஒன்று இருக்கிறது. அது இந்த மூன்றின் தொகுப்பு, தனி வேலை அல்ல. அதையும் ஒரு வரியாகச் சேர்த்தால் நாள் கணக்கு இரட்டிப்பாகும்.

வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் நாட்களுக்கு, இரண்டு தொடக்கங்களில் பிந்தியதையும் இரண்டு முடிவுகளில் முந்தியதையும் எடுத்தால் போதும். தொடக்கம் B பத்தியிலும் கடைசி நாள் C பத்தியிலும் இருந்தால்:

```
=MAX(0, NETWORKDAYS.INTL(MAX(B2,B3), MIN(C2,C3), 11))
```

11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கு. செங்கல் கட்டும் குழாய் பதிப்பும் 6 நாள் சேர்ந்து நடக்கின்றன. குழாய் பதிப்பும் பூச்சும் 3 நாள்.

இத்தனையும் படம் தந்தது. அந்த 3 நாள் ஏன் என்பது படத்தில் இல்லை. கீழ்த்தளத்தில் குழாய் முடிந்ததால் அங்கே பூச்சு தொடங்கி, எலக்ட்ரிஷியன் மேலே போயிருக்கலாம். அல்லது வரைந்தவர் யோசிக்காமல் தேதி போட்டிருக்கலாம். ஒரே சுவரில் இரண்டும் நடக்க முடியாது, பூசிய சுவரைத் திரும்ப வெட்ட வேண்டி வரும். ஆகவே பட்டியலில் ‘முன்வேலை’ என்று இன்னொரு பத்தி சேர்த்து, சைட் இன்ஜினியரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். அவர் தளப்படிதான் என்று சொன்னால் குழாய் பதிப்பையும் பூச்சையும் தளத்துக்கு ஒரு வரியாகப் பிரித்து எழுத வேண்டும். மேல்தளத்தில் குழாய் வேலை நான்கு நாள் தாமதமானால் மேல்தளப் பூச்சு மட்டும் நகரும், கீழ்த்தளம் நகராது.