மிக்ஸோபாக்டீரியா: கூட்டு நகர்வும் கனியுடலமும்

மண்ணிலும், மட்கும் மரப்பட்டையிலும், தாவர உண்ணிகளின் சாணத்திலும் வாழும் கோல் வடிவ பாக்டீரியாக்கள் மிக்ஸோபாக்டீரியா எனப்படுகின்றன. நீந்துவதற்கான கசையிழை இவற்றுக்கு இல்லை. ஈரமான பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டே கூட்டமாக நகர்ந்து, எதிர்ப்படும் பிற பாக்டீரியாக்களைக் கரைத்து உண்கின்றன. உணவு தீர்ந்துபோனால் ஏறத்தாழ ஒரு லட்சம் செல்கள் ஓரிடத்தில் குவிந்து, கண்ணுக்குச் சிறு புள்ளியாகத் தெரியும் கனியுடலத்தைக் கட்டுகின்றன. அதனுள் ஒரு பகுதிச் செல்கள் வறட்சியைத் தாங்கும் ஸ்போர்களாக மாறுகின்றன. இவ்வினங்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது மிக்ஸோகாக்கஸ் ஸாந்தஸ். இக்கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

கனியுடலங்களை இயற்கையியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார்கள். ஆனால் அவற்றைப் பூஞ்சைகள் என்றே எண்ணினார்கள். 1809இல் ஹைன்ரிஷ் லிங்க் பாலியாஞ்சியம் விட்டெல்லினத்தைப் பூஞ்சைகளோடு சேர்த்தார். காம்பும் அதன் நுனியில் கொத்தாகப் பைகளும் கொண்ட காண்ட்ரோமைசிஸும் அவ்வாறே பெயர் பெற்றது. வடிவத்தை மட்டும் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பூஞ்சையியலாளர் ரோலண்ட் தாக்ஸ்டர் அவற்றை வளர்த்துப் பார்த்தார். பைகளிலிருந்து வெளிவந்தவை பூஞ்சை இழைகள் அல்ல, கோல் வடிவ பாக்டீரியாக்கள். அவை பெருகி, பரவி, மறுபடியும் கூடிக் கனியுடலம் ஆவதையும் அவர் விவரித்தார். 1892இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இவற்றைப் பாக்டீரியாக்களுள் ஒரு தனி வரிசையாக நிறுவியது.

மண்ணிலிருந்து இவற்றைப் பிடிக்கும் வழியை 1920களில் போலந்தின் ஹெலெனா, செவெரின் கிரெமியெனியெவ்ஸ்கி இணையர் பரவலாகக் கையாண்டனர். கிருமி நீக்கிய முயல் புழுக்கைகளை ஈரமண்ணின் மேல் வைத்துக் காத்திருப்பதே அந்த வழி. சில நாட்களில் புழுக்கையின் மேல் வண்ணப் புள்ளிகளாகக் கனியுடலங்கள் எழும். இன்றும் இந்த முறை பயன்படுகிறது.

எப்படி நகர்கின்றன என்ற கேள்வி நெடுங்காலம் பதிலின்றிக் கிடந்தது. 1970களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேல் கைசரும் ஜோனதன் ஹாட்ஜ்கினும் நகர்வு கெட்ட மரபணுமாற்ற வகைகளைச் சேகரித்தார்கள். அவை இரு தொகுதிகளாகப் பிரிந்தன. ஒரு தொகுதியில் தனிச்செல்கள் நகர மாட்டா. அருகே மற்றொரு செல் இருந்தால் மட்டும் நகரும். மற்றொரு தொகுதியில் தனிச்செல் நகரும். கூட்ட நகர்வு இல்லை. இரண்டு குறைகளையும் ஒரே செல்லில் சேர்த்தபோது நகர்வு அறவே நின்றது. எனவே செல்லுக்குள் தனி நகர்வு, கூட்டு நகர்வு என்னும் இரு வேறு பொறிகள் இருந்தாக வேண்டும் என்று தெரிந்தது.

கூட்டு நகர்வு பிலை எனப்படும் மெல்லிய இழைகளால் நடக்கிறது. செல்லின் முன்முனையிலிருந்து நீளும் இழை, அண்டைச் செல்களைச் சூழ்ந்த சர்க்கரைப் பசையில் ஒட்டிக்கொண்டு பின்னால் சுருங்குகிறது. செல் முன்னே இழுபடுகிறது. பசைக்கு அண்டைச் செல் வேண்டும் என்பதால்தான் இந்த நகர்வு கூட்டத்தில் மட்டுமே அமைகிறது. தனி நகர்வைப் பற்றிக் கருத்து மாறி மாறி வந்தது. செல்லின் பின்முனையிலிருந்து பசை பீறிட்டுச் செல்லைத் தள்ளுகிறது என்று ஒரு காலத்தில் கருதினார்கள். செல் நகரும்போது தரையைப் பற்றிய சில புரதக் குவியல்கள் தரையைப் பொறுத்து அசையாமல் நிற்பதை 2007இல் டாம் மிக்னோவும் உடனாய்வாளர்களும் கண்டார்கள். செல் அவற்றின் மேல் ஊர்ந்து கடக்கிறது என்ற விளக்கமே இன்று வலுப்பெற்றிருக்கிறது. இரு நகர்வுகளையும் பிரித்தறிவது எளிது: கெட்டியான அகார் பரப்பில் தனி நகர்வு சிறக்கும், இளகிய ஈர அகாரில் கூட்டு நகர்வு சிறக்கும்.

செல்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்முனையையும் பின்முனையையும் மாற்றிக்கொண்டு எதிர்த்திசையில் திரும்புகின்றன. பட்டினியின்போது இந்தத் திருப்பம் கட்டுப்படாவிட்டால் குவியல் உருவாகாது. டேவிட் ஸுஸ்மன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட, இந்தத் திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்ஆர்இஸட் மரபணுக்கள் கெட்ட வகைகள் குவிவதற்குப் பதிலாகச் சுருள்முடி போன்ற இழைகளாகக் கிடக்கின்றன.

கனியுடலம் கட்டப்படுவதற்குச் செல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பதற்கு 1978இல் தெளிவான சான்று கிடைத்தது. தனித்து வளர்த்தால் கனியுடலமே கட்டாத மரபணுமாற்ற வகைகள் பலவற்றைக் கைசரின் குழு இரண்டிரண்டாகக் கலந்தது. சில இணைகள் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்து ஸ்போர்களை உருவாக்கின. ஒன்று தர முடியாத பொருளை மற்றொன்று வெளியே தந்தால்தான் இது நடக்கும். இந்த முறையில் நான்கு தொகுதிகள் பிரிந்தன. நன்கு அறியப்பட்டவை ஏ, சி என்ற இரு செய்திகள்.

ஏ செய்தி பட்டினி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் வருகிறது. பட்டினிப்பட்ட செல்கள் புரதங்களைச் சிதைத்து அமினோ அமிலங்களை வெளியே விடுகின்றன. அவற்றின் செறிவு போதிய அளவை எட்டினால் மட்டுமே வேலை மேற்கொண்டு தொடரும். கனியுடலம் கட்டப் போதுமான செல்கள் அருகில் உள்ளனவா என்பதைக் கூட்டம் இப்படித்தான் அளக்கிறது.

சி செய்தி அதற்குப் பிந்தியது. இத்துறையின் மிக அழகிய சோதனை அதைச் சார்ந்தது என்பது என் கருத்து. சி செய்தி இல்லாத வகைகளும் நகர முடியாத வகைகளும் வளர்ச்சியின் ஒரே கட்டத்தில் நின்றுவிட்டன. நகர்வுக்கும் செய்திக்கும் என்ன தொடர்பு? செல்கள் ஒன்றையொன்று தொட்டு, வரிசையாகப் பொருந்தி நின்றால்தான் செய்தி கடக்கிறது. அந்த வரிசையை நகர்வே அமைத்துத் தருகிறது என்று கைசரும் சுங் கிம்மும் ஊகித்தனர். அதைச் சோதிக்க அகார் பரப்பில் மிக நுண்ணிய கீறல்களைப் போட்டு, நகர முடியாத செல்களை அதன் மேல் விட்டார்கள். கீறலுக்குள் விழுந்த செல்கள் வேறு வழியின்றி நீளவாக்கில் அடுக்கப்பட்டன. அப்படி அடுக்கப்பட்ட செல்கள், தாமாக ஓரங்குலமும் நகராமலே, ஸ்போர்களாயின. 1990இல் வெளியான இந்த முடிவு, நகர்வின் வேலை செல்களைக் கொண்டுசேர்ப்பதோடு முடியவில்லை, செய்தி கடக்கத் தேவையான வரிசையை உண்டாக்குவதும் அதன் வேலையே என்று காட்டியது. ஆனால் சி செய்தியின் புரதம் எப்படிச் செயல்படுகிறது என்பது இன்னும் முடிந்த கதையல்ல. அது அண்டைச் செல்லைத் தொடும் செய்தி என்ற பழைய கருத்துக்கு எதிராக, கொழுப்பைச் சிதைக்கும் நொதியாக அது செயல்படக்கூடும் என்று 2015இல் லாரன்ஸ் ஷிம்கெட்ஸின் குழு காட்டியது.

ஆய்வகத்தில் முழு நிகழ்வும் மூன்று நாட்களில் முடிகிறது. வளர்ந்த செல்களை ஊட்டப்பொருள் நீங்கக் கழுவி, செறிவாக்கி, உணவற்ற அகாரில் சொட்டுகளாக வைத்து 32 டிகிரி செல்சியஸில் விடுகிறார்கள். ஒரு நாளில் கரிய மேடுகள் தெரியும். சுமார் 72 மணி நேரத்தில் அவற்றுள் உருண்டை ஸ்போர்கள் நிறையும். மேடு எழுந்ததாலேயே ஸ்போர் உருவாகிவிட்டது என்று நம்பக் கூடாது. மாதிரியை 50 டிகிரியில் சூடாக்கி, ஒலியலையால் உலுக்கி, எத்தனை செல்கள் பிழைத்து மீண்டும் வளர்கின்றன என்று எண்ண வேண்டும். கோல் செல்கள் இதில் மடிந்துவிடும். தொடக்கத்தில் இருந்த செல்களில் சிறுபான்மைதான் ஸ்போராகிறது. பெரும்பான்மை வழியிலேயே சிதைகிறது. சில கோல்களாகவே வெளியே நின்றுவிடுகின்றன.

ஒரு பகுதி அழிந்து மற்றொரு பகுதி பிழைக்கும் ஏற்பாட்டில் ஏமாற்றுவோரும் தோன்றலாம். 2000இல் கிரெகரி வெலிசர், லீ க்ரூஸ், ரிச்சர்ட் லென்ஸ்கி மூவரும் இதை நேரில் காட்டினார்கள். தனித்து விட்டால் ஸ்போர் உண்டாக்க இயலாத சில வகைகள், இயல்பான செல்களோடு கலந்தபோது தங்கள் பங்கைவிட மிகுதியான ஸ்போர்களை உண்டாக்கின. நீர்ம ஊடகத்தில் பல தலைமுறை வளர்க்கப்பட்ட கூட்டங்கள், கூடிவாழும் திறனை இழந்துவிடுவதையும் வெலிசர் முன்னரே கண்டிருந்தார். ஆய்வகங்கள் தங்கள் வகைகளை உறைநிலையில் காத்து, அடிக்கடி புதிதாக எடுத்துப் பயன்படுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவு செல்களும் ஒரே கனியுடலத்துக்குள் ஸ்போராவதன் பயன் முளைக்கும்போது தெரிகிறது. மிக்ஸோகாக்கஸ் நொதிகளை வெளியே விட்டுப் பெரிய மூலக்கூறுகளைக் கரைத்து உண்கிறது. கேசீன் புரதம் மட்டுமே உணவாக உள்ளபோது, செல்கள் அடர்ந்திருந்தால் வேகமாகவும் பரவலாகக் கிடந்தால் மெதுவாகவும் வளர்வதை யூஜின் ரோஸன்பெர்க்கும் மார்ட்டின் டுவோர்க்கினும் 1977இல் அளந்து காட்டினார்கள். உணவு மீண்டும் கிடைக்கும்போது ஒரு கனியுடலத்தின் ஸ்போர்கள் ஒரே இடத்தில் முளைத்து, தொடக்கத்திலேயே கூட்டமாக இரை தேடத் தொடங்குகின்றன.