வரி முறியாத கவிதை: 'ஏழைகளின் கண்க'ளை வாசித்தல்



எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை ஒரு பக்க உரைநடை ஒன்றை ஒளிநகல் எடுத்துக் கொடுத்தேன். படித்து முடித்த ஒரு மாணவி, "இது கதையா, கட்டுரையா அண்ணா? கவிதை என்று தலைப்பில் போட்டிருக்கிறதே!" என்று கேட்டார். வரிகள் உடையவில்லை, பத்திகள்தான் இருந்தன. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. இந்த நினைவுச் சொற்பொழிவை அந்தப் பதிலைச் சரியாகச் சொல்வதற்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைக் கவனிப்போம். கவிதை என்றால் துண்டு துண்டான வரிகள் என்ற எண்ணம் அச்சு கொடுத்த பழக்கம். ஓலைச்சுவடியில் செய்யுளும் இடைவெளி இல்லாமல்தான் ஓடியது. ஓலையின் அகலம் எங்கே தீர்ந்ததோ அங்கே எழுத்து அடுத்த வரிக்குத் திரும்பியது. அடி எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவரின் காதுதான் கண்டுபிடித்தது. சீரும் எதுகையும் மோனையும் அதற்கு உதவின. ஒப்பாரி வைத்த நம் பாட்டிமார்களுக்கும் வரி என்பது தாளில் இருந்ததில்லை, மூச்சில் இருந்தது. ஆக, வரி முறிப்பு கண்ணில் படாவிட்டாலும் கவிதையைக் கண்டுகொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

ஆனால் உரைநடைக் கவிதையில் சிக்கல் ஒருபடி கூடுதல். ஓலையில் வரி மறைந்திருந்தாலும் யாப்பு இருந்தது. இங்கே யாப்பும் இல்லை. அப்படியானால் காது எதைப் பிடித்துக்கொள்வது?

இந்த வடிவத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரான்சில் அலோய்சியுஸ் பெர்த்ரான் என்ற வறிய கவிஞர் எழுதிய உரைநடைத் துண்டுகள் 1842இல், அவர் இறந்த மறுவருடம், நூலாக வந்தன. அச்சுக்கோப்பவருக்கு அவர் எழுதி வைத்த குறிப்பு ஒன்று உண்டு. பத்திகளுக்கு நடுவில், செய்யுளை அச்சிடுவது போலவே நிறைய வெள்ளை இடம் விடவேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். வரியை விட்டுக்கொடுத்தவர் வெள்ளை இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அவரைப் படித்து அந்த வழியில் இறங்கியவர் சார்ல் போதலேர். யாப்பில் பெயர் எடுத்த கவிஞர் அவர். 1862இல் அவருடைய உரைநடைக் கவிதைகள் இருபது 'லா பிரெஸ்' நாளிதழில் வெளிவந்தன. மொத்தம் ஐம்பது கவிதைகள் கொண்ட நூல் 1869இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. நாளிதழில் வந்தது என்பதை மனதில் வையுங்கள். செய்தியும் விளம்பரமும் ஓடும் அதே பத்தியகலத்தில் கவிதையும் ஓடியது. வரி எங்கே மடங்கவேண்டும் என்பதைக் கவிஞர் தீர்மானிக்கவில்லை, பத்திரிகையின் அகலம் தீர்மானித்தது. கவிஞர் கையில் மிஞ்சியவை இரண்டு: வாக்கியத்தின் நீளம், திரும்பி வரும் சொல். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் நாம் உள்ளே போகவேண்டும்.

அன்று நான் கொடுத்த பக்கம் அந்த நூலில் உள்ள 'ஏழைகளின் கண்கள்'. 1864இல் 'லா வீ பாரிசியேன்' என்ற நாகரிக வார இதழில் முதலில் வந்தது. நடப்பது இவ்வளவுதான். காதலர் இருவர் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து சுற்றுகிறார்கள். இனி இருவருக்கும் ஒரே எண்ணம், ஒரே உயிர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மாலையில் ஒரு புதிய பெருவீதியின் மூலையில், புதிதாகத் திறந்த காப்பிக்கடையின் முன்னால் உட்காருகிறார்கள். வீதியில் இன்னும் இடிபாடு கிடக்கிறது. உள்ளே விளக்கொளி, கண்ணாடி, தங்கப்பூச்சு, சுவரெல்லாம் புராண ஓவியம். எதிரே சாலையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கந்தலோடு நிற்கிறார். ஒரு கையில் சிறுவன், மறு கையில் நடக்கமுடியாத குழந்தை. மூவரும் கடையையே பார்க்கிறார்கள். காதலன் மனம் இளகுகிறான். தன் எண்ணத்தை அவள் கண்ணில் படிக்கலாம் என்று திரும்புகிறான். அவளோ, இந்த ஆட்களை என்னால் தாங்கமுடியவில்லை, கடைக்காரரிடம் சொல்லி விரட்டச் சொல்லேன் என்கிறாள். நேசிப்பவர்களுக்கு இடையிலும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்ற வருத்தத்தோடு முடிகிறது.

இந்தச் சுருக்கத்தைக் கேட்டாலே எல்லாம் கிடைத்துவிடுகிறது என்றால் அது கவிதை அல்ல, குட்டிக்கதை. இதுதான் முதல் சோதனை. சுருக்கத்தில் எது விழுந்துவிட்டது என்று பார்க்கவேண்டும்.

முதலில் வாக்கிய நீளம். வாய்விட்டுப் படியுங்கள். கடையின் அலங்காரத்தைச் சொல்லும் வாக்கியம் மூச்சு வாங்கவைக்கும் அளவுக்கு நீள்கிறது. சுவர், கண்ணாடி, வேட்டைப் பறவை ஏந்திய சீமாட்டிகள், பழமும் பலகாரமும் சுமக்கும் தேவதைகள் என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிகிறது. மனிதகுலத்தின் வரலாறும் புராணமும் சாப்பாட்டுக்குச் சேவகம் செய்ய வந்து நிற்பதாக அது போய் முடிகிறது. கொஞ்ச தூரத்தில் அந்தக் குடும்பத்தின் உடையைச் சொல்லும் வாக்கியம் வருகிறது. பிரெஞ்சில் அது மூன்றே சொற்கள். நீண்டு வழிந்த செல்வத்துக்குப் பிறகு இந்தச் சுருக்கம். யாப்பில் சீர் செய்யும் வேலையை இங்கே வாக்கிய நீளம் செய்கிறது.

இந்த இடத்தை வரி உடைத்து எழுதிப் பாருங்கள். நாங்கள் வட்டத்தில் செய்து பார்த்தோம். அந்த மூன்று சொற்களும் தனி வரியாக நின்றதும் கூச்சல் போட ஆரம்பித்துவிட்டன. மூலத்தில் அவை பத்தியின் நடுவே ஒதுங்கி நிற்கின்றன. அவசரமாகப் படிப்பவர் தாண்டிப் போய்விடலாம், அந்தப் பெருவீதியில் போகிறவர்கள் அந்தக் குடும்பத்தைத் தாண்டிப் போவது போல. வரி உடையாமல் இருப்பதற்கு இங்கே காரணம் இருக்கிறது. உடைத்துப் பார்த்து எதுவும் மாறவில்லை என்றால், அது உரைநடையாக எழுதப்பட்டது தற்செயல்தான்.

அடுத்து, திரும்பி வரும் சொல். 'கண்' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிடச் சொன்னேன். தலைப்பில் இருக்கிறது. ஆறு கண்கள் என்று எண்ணிக்கையோடு வருகிறது. பிறகு அப்பாவின் கண்கள், சிறுவனின் கண்கள், குழந்தையின் கண்கள் என்று ஒரே வாய்பாட்டில் மூன்று முறை வருகிறது. அப்பாவின் கண்கள் ஏழை உலகின் தங்கமெல்லாம் இந்தச் சுவரில் வந்து சேர்ந்துவிட்டதாக வியக்கின்றன. குழந்தையின் கண்களில் சொல் இல்லாத மகிழ்ச்சி மட்டும். நடுவில் இருக்கும் சிறுவனின் கண்கள்தான், அழகான வீடு, ஆனால் நம்மைப் போல இல்லாதவர்கள் மட்டும் நுழையக்கூடிய வீடு என்று அறிகின்றன. பிறகு காதலியின் அழகிய பச்சைக் கண்கள். கடைசியில் அவள் வாயிலிருந்தே அந்தக் குடும்பத்தின் கண்கள் மீண்டும் வருகின்றன. அவை வண்டி நுழையும் வாசற்கதவு போல அகலத் திறந்திருப்பதாக அவள் எரிச்சல் படுகிறாள். பாரிசின் பெரிய வீடுகளுக்குக் குதிரை வண்டி உள்ளே போகும் அளவுக்கு அகன்ற கதவு உண்டு. அவள் சொல்வது அதைத்தான்.

இங்கே அந்த மாணவி நிமிர்ந்தார். "அண்ணா, பையனுக்கு மூடியிருக்கிற கதவுதான் இங்கே திறக்கிறது. ஆனால் திறந்திருப்பது அவர்கள் கண்" என்றார். அவ்வளவுதான். சிறுவன் நுழையமுடியாத ஒரு வீட்டைக் கண்டான். அவளோ, பணக்கார வீட்டுக் கதவையே எடுத்து அந்த ஏழைகளின் முகத்தில் மாட்டுகிறாள். நுழைய விடாதவர்களுக்கு, நுழைய முடியாதவர்களின் பார்வையே அத்துமீறி நுழைவதாகத் தெரிகிறது. இதைக் கவிதை எங்கேயும் விளக்கவில்லை. இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு படிமத்தை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கதையாகப் படித்தால் இது அவளுடைய வெறும் வசவு. கவிதையாகப் படித்தால்தான் முன்னால் வந்த வீட்டோடு போய்ச் சேர்கிறது. தேநீர்க் கடை வாசலில் தனிக் குவளையோடு நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதவைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது வரலாறு உள்ளே வருகிறது. 1853இல் ஊஸ்மான் பாரிசின் ஆட்சியரானார். பழைய குடியிருப்புகளை இடித்துப் பெருவீதிகள் போட்டார். குறைந்த வாடகையில் இருந்தவர்கள் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள். மார்ஷல் பெர்மன் 1982இல் வந்த தன் நூலில் இந்தக் கவிதையை அந்தப் பெருவீதிகளோடு சேர்த்து வாசித்தார். வீதியில் கிடக்கும் இடிபாடு யாருடைய வீடு என்று கவிதை சொல்வதில்லை. ஆனால் வரலாற்றை முதலில் படித்துவிட்டு, கவிதையை அதற்குச் சாட்சியாக இழுத்துவந்தால் அந்தக் கதவு தவறிப்போகும். நம் தோழர்கள் அதிகம் செய்யும் பிழை இது. கருத்தைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்தை மூடிவிடுகிறோம். முதலில் சொல், பிறகு வரலாறு என்று போனால் இரண்டும் கிடைக்கும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. அலங்காரமான உரைநடையெல்லாம் கவிதை என்று நினைப்பது. இந்தக் கவிதையில் அலங்காரம் மிகுந்த பகுதி அந்தக் கடையின் வருணனை. அது கிண்டல் செய்யப்படும் பகுதி.

கடைசியாக ஒன்று. இந்தக் கவிதைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த ஆறு கண்களும் பேசுவதாக நாம் படித்தோமே, உண்மையில் யார் பேசியது? அந்த மனிதர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கண்களுக்குச் சொல் கொடுத்தவன் மேசையில் உட்கார்ந்திருக்கும் காதலன். தாகத்தைவிடப் பெரிய தம்பளர்களைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் வெட்கம் வருகிறது, ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. காதலியின் கண்ணைத் தவறாகப் படித்தவன், அந்த மூவரின் கண்களை மட்டும் சரியாகப் படித்தான் என்பதற்கு என்ன உறுதி? முடிவில் அவன் வருந்துவதும் தன் காதலுக்காகத்தான். சாலையில் நின்றவர்கள் கடைசி வாக்கியத்தில் இல்லை. அவர்களை விரட்டினார்களா என்பதுகூட நமக்குச் சொல்லப்படவில்லை.

போதலேர் இதை அறிந்தே எழுதினார் என்றுதான் நான் படிக்கிறேன். ஒருவரை ஒருவர் அறியமுடியாது என்று முடியும் கவிதை, ஆறு கண்களை அறிந்ததாகச் சொன்ன தன் நடுப்பகுதியையே சந்தேகத்தில் நிறுத்துகிறது. கடைசி வாக்கியத்தைப் படித்ததும் மேலே போய் மறுபடி படிக்க வைக்கிறது. ஒரு பக்க உரைநடை அப்படித் திருப்பி அனுப்பினால், அது கவிதையாக நடந்துகொள்கிறது என்று சொல்லலாம்.

அந்த மாணவி அடுத்த வாரம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கடைக்கு எதிரே நின்று பார்த்த சிறுவன் தானே பேசுகிறான். வரிகளை அவர் உடைக்கவில்லை.

ஜெய்பீம்.