நெல் விலை விழுந்தது என்றால், எந்த நெல்லின் விலை?

மாசி மாதம் கிளிநொச்சியில் இருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே கதைதான்: நெல் விலை விழுந்துவிட்டது. விவசாயி ஒரு விலை சொல்வார், அரசு வேறொன்று சொல்லும், வியாபாரி தன் நியாயத்தைச் சொல்வார். பெரும்பாலும் ஒருவரும் பொய் சொல்வதில்லை. அவர்கள் பேசுவது வேறு வேறு நெல்லைப் பற்றி.

2025 காலபோகத்துக்கு அரசு அறிவித்த உத்தரவாத விலை, நாடு இன நெல்லுக்குக் கிலோ 120 ரூபா. அந்த முழு விலை 14 வீத ஈரப்பதனுக்குக் காய்ந்த நெல்லுக்குரியது. வெட்டு மெசினில் இருந்து இறங்கும் நெல்லில் 20 வீத ஈரம் இருப்பது சாதாரணம். காயப்போட இடமும் ஆளும் இல்லாதவர் அதை வயல் வரம்பிலேயே வித்துவிடுவார்.

கணக்குக்காக அவர் 95 ரூபாவுக்கு வித்தார் என்று வைப்போம். செய்தியில் “கிலோவுக்கு 25 ரூபா நட்டம்” என்று வரும். ஆனால் 20 வீத ஈரமுள்ள 100 கிலோவில் தண்ணீர் 20 கிலோ, மிச்சம் 80. அதை 14 வீதத்துக்குக் காயவிட்டால் கையில் இருப்பது 93 கிலோ. உத்தரவாத விலையில் அதன் பெறுமதி 11,160 ரூபா. அதாவது ஈர நெல் கிலோவுக்கு 111 ரூபா 60 சதம். உண்மையான இடைவெளி 16 ரூபா 60 சதம்.

வியாபாரி பதில் சொல்லவேண்டியது இந்தப் பதினாறுக்குத்தான். காயவைக்கும் கூலி, சாக்கு, லொறி வாடகை என்று அவர் சொல்லுவார். அவை உண்மைச் செலவுகள். ஒவ்வொன்றும் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதவேண்டும். “ஈரம் கூட” என்ற காரணத்தை மட்டும் இரண்டாம் முறை ஏற்கக்கூடாது. அதை ஏற்கனவே கழித்துவிட்டோம்.

விவசாயியிடமும் கேட்கவேண்டியவை உண்டு. மூடை விலை சொன்னால், மூடைக்கு எத்தனை கிலோ? விதைப்புக்கு உரமும் எண்ணெயும் கடனாக எடுத்தது இதே வியாபாரியிடமா? அப்படியென்றால் குறைந்த விலைக்குள் வட்டியும் ஒளிந்திருக்கிறது. அதைச் சந்தை விலையின் வீழ்ச்சி என்று எழுதினால் பிழை. கடன் இல்லாத பக்கத்து வயல்காரர் வித்த விலையையும் கேட்டால் இது பிடிபடும். என் அனுபவத்தில் செய்தியாளர்கள் அதிகம் தவறவிடுவது இந்தக் கேள்வியைத்தான்.

சந்தைத் தரவுக்கு, ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனத்தின் வாராந்த விலை அறிக்கை உண்டு. அதில் மார்கழியோடு மாசியை ஒப்பிடக்கூடாது. அறுவடை நேரம் விலை இறங்குவது வழமை. போன வருடம் இதே கிழமை என்ன விலை என்று பார்க்கவேண்டும். கூடவே கடை அரிசி விலையையும் பார்க்கவேண்டும். நெல் இறங்கி, சில கிழமைகள் கழித்தும் அரிசி இறங்காவிட்டால், அடுத்த கேள்வி ஆலைக்காரரிடம்.

போன முறை மச்சான் எடுத்து, “அறாவிலைக்குப் போகுது” என்றபோது நான் முதலில் கேட்டது, “காய்ஞ்ச நெல்லோ, பச்சை நெல்லோ?” என்றுதான். பச்சை நெல். உரக்கடனும் இருந்தது.