அட்வுட்டின் கணக்கில் பதினொரு பங்கு

நியூட்டனின் 'பிரின்சிபியா' 1687இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் விதியை ஐயத்துக்கு இடமின்றி, நேரடியாக அளந்து காட்டிய முதல் கருவி ஏறத்தாழ நூறாண்டு கழித்தே வந்தது என்றும், ஜார்ஜ் அட்வுட்டின் கப்பிப் பொறியே அது என்றும் தாமஸ் கூன் எழுதினார். அளவீட்டின் பணி பற்றி 1961இல் 'ஐசிஸ்' இதழில் வந்த அவருடைய கட்டுரை இதைச் சொல்கிறது. அடுத்த ஆண்டு வந்த, அறிவியல் புரட்சிகள் பற்றிய நூலும் இதைச் சொல்கிறது. கூன் இதை ஒரு பெரிய வாதத்துக்குச் சான்றாகவே கொண்டுவந்தார். கோட்பாடு முன்னே போகிறது, அதை உரசிப் பார்க்கும் கருவி வெகு காலம் கழித்து, பெரும் உழைப்புக்குப் பின் வருகிறது என்பது அந்த வாதம். அதோடு இக்கட்டுரைக்குப் பிணக்கில்லை. பிணக்கு 'ஐயத்துக்கு இடமின்றி', 'நேரடியாக' என்ற இரண்டு அடைகளோடுதான். அட்வுட்டின் சொந்த எண்களைப் பிரித்துப் பார்த்தால் அவை இரண்டும் பாதிக்குப் பாதிதான் நிற்கின்றன.

பொறியின் அமைப்பு மேல்நிலைப் பள்ளி மாணவர் அனைவரும் அறிந்ததே. ஒரு கப்பி, அதன்மேல் ஒரு நூல், நூலின் இரு முனைகளிலும் எடைகள். இரண்டும் சமமானால் அசைவில்லை. ஒரு பக்கம் சற்றுக் கூட்டினால் அந்தப் பக்கம் மெதுவாக இறங்கும். தடையின்றி விழும் பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையைத் தொட்டுவிடும். இங்கே அதே விழுதலைப் பல மடங்கு மந்தமாக்கிக் கடிகாரத்தின் துடிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கப்பியின் அச்சு நிலையான துளையில் சுழலாமல் நான்கு உராய்வுச் சக்கரங்களின்மேல் உருளும்படி செய்திருந்தார்கள். லண்டன் கருவி வினைஞர் ஜார்ஜ் ஆடம்ஸ் அதைக் கட்டிக்கொடுத்தார்.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த அட்வுட், நேர்கோட்டு இயக்கத்தையும் சுழற்சியையும் பற்றிய தம் நூலை 1784இல் வெளியிட்டார். கருவியின் வயது அதைவிடக் கூடுதல். போர்த்துகீசிய இயற்பியலாளர் மகலாயின்ஸ், வோல்டாவுக்கு எழுதிய கடிதமாக இந்தப் பொறியின் விளக்கத்தை 1780லேயே அச்சிட்டுவிட்டார். ஆகவே 1784 நூலின் ஆண்டு, கருவியின் ஆண்டு அல்ல. 1780க்கு எவ்வளவு முன்னால் முதல் பொறி ஓடியது என்பதை இந்த இரண்டு அச்சுநூல்களை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது.

அட்வுட் கால் அவுன்ஸை ஓர் அலகாகக் கொண்டார். அதை இங்கே 'பங்கு' என்று சொல்வோம். டிராய் அவுன்ஸுக்கு 480 கிரெயின், ஆகவே ஒரு பங்கு 120 கிரெயின். இரு பக்கமும் 26 பங்கு வீதம் 52 பங்கு தொங்குகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் இன்னும் ஒரு பங்கு வைக்கிறார்கள். இழுப்பது அந்த ஒரு பங்கின் எடை. நகர்வது 53 பங்கு நிறை. அப்படியானால் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 53இல் ஒரு பாகமாக இருக்க வேண்டும் அல்லவா? அட்வுட் 53 என்று சொல்லவில்லை. 64 என்கிறார். நடுவே புகுந்த 11 பங்கு சக்கரங்களுடையது. எடைகள் நகரும்போது கப்பியும் சுழல்கிறது. அதன் நிலைமத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

64 என்பது அழகான எண். லண்டனில் தடையின்றி விழும் பொருள் முதல் நொடியில் 193 அங்குலம் இறங்கும். அதில் 64இல் ஒரு பாகம் 3 அங்குலம். இரண்டு நொடியில் 12, மூன்று நொடியில் 27. எடை தட்டில் மோதும் ஓசையும் ஊசலின் துடிப்பும் ஒரே கணத்தில் காதில் விழுந்தால் விதி மெய். வகுப்பறையில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாக எதைக் காட்ட முடியும்? (கறாராக வகுத்தால் 27க்குப் பதில் 27.14 வரும். அந்த ஏழில் ஓர் அங்குலத்தைக் காது பிரித்தறியாது.)

ஆனால் அந்த 11 எங்கிருந்து வந்தது? அட்வுட் அதை எடுத்த விதத்தைக் கூனைப் போலப் பொறியின் பெயரைச் சொல்லிக் கடந்துபோனால் காண முடியாது. எதிர் எடைகளைக் கழற்றிவிட்டு, கப்பியில் ஒரு மெல்லிய பட்டு நூலைச் சுற்றி அதன் முனையில் 30 கிரெயின், அதாவது இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவான எடையைத் தொங்கவிட்டார். பல முறை செய்து பார்த்ததில் அது 3 நொடியில் சுமார் 38½ அங்குலம் இறங்கியது. பிறகு வருகிறது கணக்கு. தடையின்றி விழுந்திருந்தால் 3 நொடியில் 193 × 9 அங்குலம், அதாவது 1737 அங்குலம் போயிருக்க வேண்டும். 38½ அங்குலமே போனது என்றால் 30 கிரெயின் எடை தன்னைப் போல் 45 மடங்கு நிறையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 30 × 1737 ÷ 38.5 ஏறத்தாழ 1353. அதில் எடையின் சொந்த நிறை 30ஐக் கழித்தால் 1323 கிரெயின், அதாவது 2¾ அவுன்ஸ். பதினொரு பங்கு.

இந்த வாய்பாட்டில் ஒளிந்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். விசை மாறாதபோது முடுக்கம் நிறைக்கு எதிர்விகிதமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டால்தான் 38½ அங்குலத்திலிருந்து 1323 கிரெயின் கிடைக்கும். அதுவோ நிரூபிக்கப்பட வேண்டிய இரண்டாம் விதியின் ஒரு பாதி. விதியைக் கொண்டு 11ஐப் பெற்று, 11ஐக் கொண்டு 64ஐப் பெற்று, 64ஐக் கொண்டு விதியைக் காட்டுகிறார். இது 'நேரடி'யும் அல்ல, 'ஐயத்துக்கு இடமின்றி'யும் அல்ல.

கூனுக்காக வாதாடுபவர் இரண்டு பதில்கள் சொல்லலாம். இரண்டையும் எளிதில் தள்ள முடியாது. முதலாவது, 30 கிரெயின் சோதனையும் 64 பங்குச் சோதனையும் வெவ்வேறு ஏற்பாடுகள். ஒன்றில் கிடைத்த 11 மற்றதில் பொருந்துகிறது என்றால், விதி பொய்யாக இருந்து இந்தப் பொருத்தம் வந்திருக்குமா? நியாயமான கேள்வி. இதைச் சுழல்வாதம் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. முன்பின் முரணின்மைச் சோதனை என்ற தகுதி இதற்கு உண்டு. அந்தத் தகுதிக்கு மேல் கூன் தருவதுதான் மிகை. இரண்டாவது பதில் இன்னும் வலுவானது. மொத்தத்தை 64ஆகவே வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் சேர்த்தால் நகரும் நிறை மாறாது. இழுக்கும் விசை மட்டும் கூடும். விசை இரட்டித்தால் அதே நேரத்தில் இறங்கும் தூரமும் இரட்டிக்கும். இந்த விகிதத்துக்குச் சக்கரத்தின் நிலைமம் 11ஆ 15ஆ என்பது தேவையே இல்லை. விசைக்கும் முடுக்கத்துக்குமான நேர்விகிதம் இங்கே சுத்தமாக நிற்கிறது. நிறைக்கும் முடுக்கத்துக்குமான எதிர்விகிதம் 11ஐத் தாங்கிக்கொண்டே நிற்கிறது. கூனின் இரண்டு அடைகளும் பாதிக்குப் பாதி என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுவே.

சான்று மெலிந்து நிற்கும் இடம் அந்தச் 'சுமார்'. 38½ என்ற அளவில் அரை அங்குலம் இப்படி அப்படிப் போயிருந்தால் என்ன? 38 எனில் சக்கரத்துக்கு 11.2 பங்கு வரும், 39 எனில் 10.9. மூன்று நொடியில் இறங்கும் 27 அங்குலத்தில் இது பத்தில் ஓர் அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அட்வுட்டின் பொறி இந்தத் தள்ளாட்டத்தைத் தாங்கும். ஆனால் சக்கரத்தையே மறந்து 53 என்று வகுத்தால் மூன்று நொடியில் ஏறத்தாழ 33 அங்குலம் வரும். ஆறு அங்குலப் பிழை கடைசி வரிசை மாணவன் கண்ணுக்கும் தெரியும். ஆகவே 11 இன்றியமையாதது. அதன் துல்லியம் அவ்வளவு முக்கியமல்ல.

அட்வுட் இதையெல்லாம் செய்ததன் நோக்கமும் கூன் காட்டும் சித்திரத்தோடு முழுதாக ஒட்டவில்லை. அவர் காலத்தில் கேள்வி விதி மெய்யா என்பதல்ல. நகரும் பொருளின் வலிமையைத் திசைவேகத்தால் அளப்பதா, திசைவேகத்தின் வர்க்கத்தால் அளப்பதா என்ற பழைய சண்டை ஓயவில்லை. போலெனியும் கிராவசாண்டும் மென்மையான பொருள்களில் உருண்டைகளை விழவைத்துக் குழியின் ஆழத்தைப் பார்த்து வர்க்கத்தின் பக்கம் நின்றார்கள். 1776இல் ஸ்மீட்டன், எடையால் சுழலும் ஒரு கருவியைக் கொண்டு பொறியாளர் பக்கத்திலிருந்து அதே கேள்வியைக் கிளப்பினார். அட்வுட்டின் நூல் இவர்களுக்குச் சொன்ன மறுமொழி. அவருடைய பொறி கற்பிக்கவும் வாதாடவும் செய்த காட்சிக் கருவி என்று சைமன் ஷாஃபர் 1994இல் எழுதியது 11 பங்கின் கதையோடு நன்றாகப் பொருந்துகிறது.

இன்றைய பாடநூல் கப்பிக் கணக்குக்கும் அட்வுட்டின் கணக்குக்கும் இடையே இன்னொரு தூரம் இருக்கிறது. அவர் நூலை எங்கும் வெட்டவில்லை. இழுக்கும் மொத்த விசை, மொத்த நிறை, வகுத்தல், முடிந்தது. இரண்டு பொருள்களையும் தனித்தனியே வரைந்து, ஒவ்வொன்றிலும் கீழ்நோக்கி எடையையும் மேல்நோக்கி இழுவிசை Tயையும் அம்புக்குறியாகப் போடும் பழக்கம் அவருடைய கணக்கில் இல்லை. நூலின் இழுவிசையைக் கேட்காதவருக்கு அந்தப் படம் தேவைப்படவும் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் விசை, நிறை, முடுக்கச் சமன்பாட்டைத் தனியே எழுதலாம் என்று ஆய்லர் 1750இலேயே பெர்லின் கழகத்தில் முன்வைத்திருந்தார். கேம்பிரிட்ஜின் வகுப்பறை வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது.

அட்வுட்டின் எண்களிலேயே நூலை வெட்டிப் பார்க்கலாம். இறங்கும் பக்கம் 27 பங்கு. அது g/64 முடுக்கத்தோடு கீழே போவதால் நூல் தாங்குவது 27இல் 63/64 பாகம், அதாவது 26.58 பங்கு எடை. ஏறும் பக்கம் 26 பங்கு. அதை நூல் 26இல் 65/64 பாகம், அதாவது 26.41 பங்கு எடையளவுக்கு இழுக்க வேண்டும். ஒரே நூல்தான், ஆனால் கப்பியின் இரு பக்கமும் இழுவிசை ஒன்றல்ல. வித்தியாசம் 0.17 பங்கு. அதுவே 11/64. பதினொரு பங்கு நிலைமமுள்ள சக்கரத்தை g/64 முடுக்கத்தில் சுழற்றத் தேவையான விசை அது. 'கப்பி நிறையற்றது, உராய்வற்றது' என்று பாடநூல் ஒரு வரி எழுதி, இரு பக்கமும் ஒரே T போடச் சொல்லும்போது துடைத்தெடுப்பது இந்த 0.17ஐத்தான். இதை உணராத மாணவன், நிறையுள்ள கப்பி வரும் கணக்கிலும் இரு பக்கமும் ஒரே Tயைப் போட்டுவிட்டு, கப்பி ஏன் சுழல்கிறது என்பதற்கு விடை இல்லாமல் நிற்பான். திருத்துபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இந்த இழுவிசையை அளக்க முடியுமா? 1850களில் போகண்டார்ஃப் கப்பியையே தராசின் ஒரு கரத்தில் தொங்கவிட்டார். எடைகள் அசையாமல் பிடித்திருக்கும்போது தராசு முழு எடையைக் காட்டும். விட்டவுடன் அந்தக் கரம் லேசாகிவிடும், ஏனெனில் கப்பியின்மேல் அழுத்துவது இப்போது இரு பக்க இழுவிசைகளின் கூட்டுத்தொகை மட்டுமே. இரு பக்கமும் 3க்கு 1 என்ற விகிதத்தில் தொங்கினால், நிறையற்ற கப்பியில் நூலின் இழுவிசை 1.5, இரண்டும் சேர்ந்து 3. தொங்கும் எடையோ 4. கால் பாகம் காணாமல் போகும். தராசு தெளிவாகச் சாயும். அட்வுட்டின் 27க்கு 26இல் இதே சோதனையைச் செய்திருந்தால் குறைவது ஒரு பங்கில் 64இல் ஒரு பாகம், அதாவது இரண்டு கிரெயினுக்கும் குறைவு. இயக்கத்தை மந்தமாக்கி முடுக்கத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்த அதே ஏற்பாடு, இழுவிசையின் இந்த மாற்றத்தைத் தராசில் காண முடியாத அளவுக்குச் சுருக்கிவிட்டது.